துப்பாக்கிக்கு முந்திய சட்டைக்கை

நான் தைத்த சட்டைக்கை ஒன்று கிழிந்த சத்தத்தில் எட்டுப் பையன்கள் நூறு மீற்றர் ஓடி முடித்தார்கள். தென்னையில் இருந்த காகமெல்லாம் பக்கத்து ஊரான முந்தலுக்குப் போய்விட்டன. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட்டார்கள். கற்பிட்டியில் டொல்பின் பார்க்கப் போன வெள்ளைக்காரர்களிடம் டொல்பின்களே வந்து என்ன சங்கதி என்று விசாரித்தன.

டொல்பினை வேண்டுமானால் விட்டுவிடுகிறேன். காகத்தையும் யாராவது கேட்டால் குறைத்துக் கொடுப்பேன். எட்டுப் பையன்களில் ஒருவனைக்கூட விடமாட்டேன்.

ஊரில் எல்லோரும் நம்பினார்கள், ஒரே ஒருவரைத் தவிர. அவர் எங்கள் பாடசாலையின் உப அதிபர் தம்பிமுத்து. விளையாட்டுப் போட்டியென்றால் அவர்தான் பிரதம நேரக் கணிப்பாளர். கழுத்தில் நிறுத்தற்கடிகாரம் தொங்காமல் அவர் குளித்ததை அவருடைய மனைவிகூடக் கண்டதில்லை. சட்டைத் துணி அப்படிச் சத்தம் போடாது, தவமணியின் வாய்தான் போடும் என்பது அவருடைய தீர்ப்பு.

தவமணி நான்தான். சிலாபத்துப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் சட்டைக்கை பொருத்தும் வரிசையில் இருந்து ஓய்வு பெற்றவள். நான் பொருத்திய கைகளை வரிசையாக அடுக்கினால் எங்கள் உடப்பிலிருந்து சந்திரனுக்குப் போய், அங்கே ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வரலாம். இப்போது வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டு ஊர்ப் பெண்களுக்குத் தைக்கிறேன்.

இந்த ஊர்ப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அளவு நாடாவை உடம்பில் வைக்க விடமாட்டார்கள். பழைய சேலைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, "இதே அளவு, அக்கா" என்பார்கள். அந்தச் சட்டை எந்த வருஷத்துச் சட்டை என்று கேட்பது மரியாதை இல்லை. மூன்று பிள்ளை பெற்ற பெண் கல்யாணச் சட்டையை அளவுக்குக் கொண்டுவருவாள். நானும் வாயை மூடிக்கொண்டு, அதன் மேல் ஒரு அங்குலம் களவாகக் கூட்டி வெட்டுவேன். அவள் போட்டுப் பார்த்து, "பாத்தீங்களா, நான் அப்படியேதான் இருக்கிறன்" என்பாள். நான் ஓம் என்பேன். இப்படியே எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம், சுபாஜினி ரீச்சர் வரும்வரை.

சுபாஜினிக்கு நாற்பத்து மூன்று வயது. கணிதம் படிப்பிப்பவள். போட்டியில் ஓட்டங்களைத் துப்பாக்கி சுட்டுத் தொடக்கி வைக்கும் வேலைக்கு முறையாகப் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவள். எங்கள் பாடசாலையில் அந்தத் துப்பாக்கி, ஊர்ப் பேச்சில் துவக்கு, ஒரு பெண்ணின் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அதற்கு முன் இருபது வருஷம் அது தம்பிமுத்துவின் கையில் இருந்தது. நிறுத்தற்கடிகாரத்தைக் கொடுத்து அவரைச் சமாதானப்படுத்தினார்கள். அவர் சமாதானமாகவில்லை.

போன வருஷப் போட்டியில் சுபாஜினி துப்பாக்கியை உயர்த்தி நிற்பதை யாரோ படமெடுத்துப் பாடசாலை முகநூலில் போட்டார்கள். நல்ல படம். ஆனால் ஆசிரியர் அறையில் தம்பிமுத்து அதைப் பார்த்துவிட்டு, "ரீச்சர் கையைத் தூக்கினா முதலாம் பாதைக்கும் ரெண்டாம் பாதைக்கும் நிழல், பிள்ளையளுக்கு வெயில் படாது" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். சுபாஜினியும் சிரித்தாளாம். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய், கை தெரியும் சட்டை எல்லாவற்றையும் அலுமாரியின் அடித்தட்டில் தள்ளினாள்.

இந்த வருஷம் மாசி முடியும் வெயிலில் அவள் என்னிடம் வந்தாள். கையில் ஒரு பழைய சட்டை, ஒரு புதுத் துணி. துணியைத் தொட்டதுமே எனக்கு வியர்த்தது. விறைப்பான நைலோன் கலப்பு. தட்டினால் தகரம்போலச் சத்தம். முழங்கைக்குக் கீழே வரைக்கும் கை வேண்டும், உள்ளே லைனிங் வேண்டும், சதையோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும் என்றாள்.

"இறுக்கிப் பிடிச்சா மெலிஞ்சு தெரியும், அக்கா. கையைத் தூக்கேக்க ஆடவும் மாட்டாது."

இறுக்கிப் பிடித்தால் மெலிந்து தெரியாது, பிடித்த இடத்துக்கு மேலேயும் கீழேயும் சதை பிதுங்கும், லைனிங்கோடு இந்த வெயிலில் நின்றால் கை அவிந்துபோகும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. என் வாழ்நாளில் வாய் வராமல் போனது அந்த ஒரு நாள்தான், அதுவும் பிழையான நாள்.

பழைய சட்டையின் கை பதின்மூன்றரை அங்குலம் சுற்று. களவாக ஒரு அங்குலம் கூட்டிப் பதினான்கரை வைத்தேன். அவளுடைய கைக்கு அது போதுமா என்று நாடா வைத்துப் பார்க்கவில்லை. அந்தச் சட்டை அவளுடைய கல்யாணத்துக்கும் முந்தியது என்பது பிறகுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை தெரிவுப் போட்டிகள். நான் பழைய மாணவி என்ற உரிமையில் பந்தலின் முன் கதிரையில் இருந்தேன். சட்டையைப் போடுவதற்கு அவளும் விஞ்ஞானம் படிப்பிக்கும் றிஸ்மியா ரீச்சரும் ஒரு டப்பா பவுடர் முடித்ததாகக் கேள்வி. சுபாஜினி சேலை கட்டி, இடது கையில் ஒலிவாங்கியும் வலது கையில் துப்பாக்கியுமாக மைதானத்துக்கு வந்தபோது கை இரண்டும் உடம்பை விட்டுத் தள்ளியே நின்றன, உப்பளத்தில் இரண்டு வாளி சுமப்பவள்போல. காலை ஒன்பது மணிக்கே வியர்வை சட்டையைக் கறுப்பாக்கிவிட்டது.

முதல் ஓட்டம், பையன்களின் நூறு மீற்றர். எட்டுப் பேர் கோட்டில் குந்தினார்கள். ஒலிபெருக்கிக் குழாய்கள் நாலு, நாலு தென்னையில். அதில் ஒன்று முடிவுக் கோட்டில், தம்பிமுத்துவின் காதுக்கு நேர் மேலே. சுபாஜினி ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டப் பிடித்து "இடத்தில்" என்றாள். "ஆயத்தம்" என்றாள். ஒலிவாங்கியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வலது கையைத் தூக்கினாள்.

கை அரைவாசி தூரம் போனது. மிச்ச அரைவாசிக்குத் துணி சம்மதிக்கவில்லை. அக்குளிலிருந்து கை விளிம்பு வரை ஒரே இழுப்பில் கிழிந்தது. அந்தத் தகரத் துணி, ஒலிவாங்கிக்கு ஒரு சாண் தள்ளி, நாலு ஒலிபெருக்கியிலும் வெடித்தது.

எட்டுப் பேரும் பறந்தார்கள்.

என் தையல் விடவில்லை என்பதை இந்த இடத்தில் எழுதிவைக்க வேண்டும். தையல் அப்படியே இருந்தது. துணிதான் போனது.

பிழையான தொடக்கம் என்றால் இரண்டாம் முறை சுட்டு ஓடுகிறவர்களைத் திருப்பிக் கூப்பிட வேண்டும். அதுதான் விதி. ஆனால் சுபாஜினியின் கை அந்தக் கணமே கீழே வந்து அக்குளைப் பொத்திக்கொண்டது. துப்பாக்கி ஒரு தடவையும் வெடிக்கவில்லை. பையன்கள் முடிவுக் கோட்டைத் தாண்டி, கயிற்றையும் தாண்டி, இளநீர் விற்பவனிடம் போய்த்தான் நின்றார்கள். முதலாவதாக வந்தவன் இந்துஜன். றிஸ்மியா ரீச்சர் ஓடிவந்து தன் பெரிய சால்வையால் சுபாஜினியை மூடி, மீன்பெட்டியை ஐஸோடு மூடுவதுபோல மூடி, வகுப்பறைக்குக் கொண்டுபோனாள்.

தம்பிமுத்து நேரே அதிபரிடம் போனார். அதிபர் நிஸார் தில்லையடியிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிறவர், நிதானமான ஆள். பிள்ளைகள் தாங்களாகவே பாய்ந்துவிட்டார்கள், தொடக்குநர் பார்த்துக்கொண்டு நின்றார், திருப்பிக் கூப்பிடவில்லை, இப்படியானவரிடம் துப்பாக்கி இருக்கக்கூடாது என்றார் தம்பிமுத்து. நான் நடுவில் புகுந்து, பிழை சட்டையில், சட்டை நான் தைத்தது, சத்தம் துப்பாக்கியைவிடப் பெரிது, பையன்கள் கேட்டுத்தான் ஓடினார்கள் என்றேன். தம்பிமுத்து சிரித்தார். துணி கிழிந்த சத்தத்துக்கு யாரும் ஓடமாட்டான், ஓடினவன் செவிடனாக இருக்க வேண்டும் என்றார்.

அதிபர் தாடியைத் தடவினார். வியாழன் ஓட்டம் கணக்கில் இல்லை, பின்னேரம் திரும்ப ஓட வேண்டும், அதற்குத் தம்பிமுத்து சுடட்டும் என்றார். சனிக்கிழமை இறுதிப் போட்டிக்குச் சுபாஜினி ரீச்சர் வரலாம். ஆனால் அன்றைக்கு ஒரு ஓட்டம் பிழைத்தாலும் துப்பாக்கி தம்பிமுத்து சேருக்கு, அதுவும் இனி எப்போதைக்கும்.

அன்றைக்கே நான் சுபாஜினி வீட்டுக்குப் போனேன். அவள் சான்றிதழைச் சட்டத்திலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை வரமாட்டேன், அவரே சுடட்டும், இனி நான் இந்தக் கையைக் கரும்பலகைக்கு மேலே தூக்கமாட்டேன் என்றாள். அழவில்லை. கணித ரீச்சர், விடையை எழுதிவிட்டுக் கீழே இரண்டு கோடு போட்டதுபோல இருந்தாள்.

நான் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன்.

"வேணாம், அக்கா."

"பிள்ளை, உன்ர அளவை நான் மட்டும்தான் பாக்கப்போறன். ஊருக்குச் சொல்லமாட்டன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில், ஊருக்குச் சொல்லாமல் நான் எதையாவது வைத்திருந்த சரித்திரம் உண்டா என்ற கேள்வி இருந்தது. நியாயமான கேள்வி. இருந்தாலும் கையை நீட்டினாள்.

கையைத் தொங்கவிட்டு அளந்தேன். பதினைந்து. முழங்கையை மடக்கச் சொல்லி அளந்தேன். பதினைந்தரை. தலைக்கு மேலே தூக்கச் சொல்லி, சதை எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தேன். பதினைந்தரை என்பது உலக அதிசயம் ஒன்றுமில்லை. என்னுடையது பதினேழு. தொழிற்சாலை மேற்பார்வையாளருடையது பத்தொன்பது, அவர் ஆம்பிளை, அதை யாரும் படம் பிடித்து எழுதவில்லை. இதை அவளுக்குச் சொன்னேன். முதல் தடவையாகச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் முன்னறைக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடிக்கு முன் நிறுத்தினேன். நான் பழைய படுக்கை விரிப்பில் நாலு மாதிரிக் கை வெட்டி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக ஊசி குத்திப் பிடித்தோம்.

முதலாவது, தோளில் சின்னத் தொப்பிபோல நிற்கும் குட்டைக் கை. அது தோளைத் தாண்டியதும் முடிந்துவிட, மிச்சக் கை முழுக்க வெளியே வந்து, "நான் இங்கே" என்றது. அக்குளில் தோலோடு தோல் உரசும், வெயிலில் பத்து நிமிஷத்தில் எரியத் தொடங்கும். கழற்றினோம். இரண்டாவது, கையின் நடுவில் முடிவது. பார்த்ததும் அவளே வேண்டாம் என்றாள். கை எங்கே ஆகப் பருமனோ அங்கே சரியாக ஒரு கோடு போட்டதுபோல இருந்தது, கண் வேறெங்கும் போகவில்லை. மூன்றாவது பப் கை. சுருக்கு வைத்து, கீழே இலாஸ்டிக் போட்டது. சுபாஜினி கண்ணாடியில் தன்னைப் பார்த்து, ஒரு தோளில் பூசணிக்காய், மற்றத் தோளில் பூசணிக்காய், நடுவில் கணிதம் என்றாள். இலாஸ்டிக் அழுத்தின இடத்தில் சதை மேலும் கீழும் பிதுங்கியது.

நாலாவது வண்ணத்துப்பூச்சிக் கை, விரிந்து தொங்குவது. அது அவளுக்குப் பிடித்துவிட்டது. கையைத் தொங்கவிட்டால் அழகுதான், நல்ல காற்றும் போகும். எனக்கும் சரியென்றே பட்டது. அப்போது அவள் துப்பாக்கி பிடிப்பதுபோலக் கையைத் தூக்கினாள். கை விளிம்பு குடை சுருங்குவதுபோல வழுக்கித் தோளில் போய் விழுந்தது. மறைக்க வந்த கை முழுக்கத் திறந்துவிட்டது. அவள் முகம் விழுந்தது. இன்னும் ஒரு வினாடி விட்டால் சான்றிதழ் திரும்பவும் சட்டத்தை விட்டு வெளியே வரும்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாங்கள் இவ்வளவு நேரமும் தொங்கும் கைக்குச் சட்டை பார்த்துக்கொண்டிருந்தோம். இவளுடைய வேலை தூக்கும் கை.

ஐந்தாவது கையை அவளை நிற்க வைத்தே வெட்டினேன். முழங்கைக்கு ஒன்றரை அங்குலம் மேலே முடிவு, கை மெலியத் தொடங்குகிற இடம். பருமனான இடத்தில் சுற்றளவு பதினேழரை, அதாவது அவளுடைய கையைவிட இரண்டு அங்குலம் தளர்வு. இறுக்காது, பறக்காது, நடுவில் காற்றுக்கு ஒரு வழி. விளிம்பில் கொஞ்சம் ஒடுக்கினேன். தூக்கும்போது ஒரு அங்குலம் வழுக்கிப் பருமனான இடத்துக்குக் கீழேயே நிற்கும், தோளுக்கு ஓடாது. சட்டைக்கை பொருத்தும் ஓட்டையை, கைக்குழியை, அக்குளுக்குக் கிட்ட உயர்த்தி வெட்டினேன். ஊரில் எல்லோரும் தாராளமாக இருக்கட்டும் என்று கைக்குழியைத் தாழ்த்துவார்கள். தாழ்ந்த கைக்குழிதான் கையைத் தூக்கும்போது முழுச் சட்டையையும் பிடித்து மேலே இழுக்கும். கையின் மேல் வளைவைத் தாழ்வாக்கி, அக்குளில் வைர வடிவத்தில் ஒரு சின்னத் துண்டு வைத்தேன். துணி மெல்லிய பருத்தி, கருநீலம். லைனிங் கிடையாது.

"தூக்கு" என்றேன்.

தூக்கினாள். சட்டை இடுப்பில் அசையவில்லை.

"இன்னும்."

கூரையைத் தொடுமளவு தூக்கினாள். பிறகு இறக்கினாள், திரும்பத் தூக்கினாள். ஏழெட்டுத் தடவை. என் மெஷினுக்கே கை வலித்தது. கண்ணாடியில் அவள் கையைப் பார்க்கவில்லை, தன் முகத்தைப் பார்த்தாள்.

"மெலிஞ்சு தெரியுதா, அக்கா?"

"இல்லை. உன்ர கை மாதிரித் தெரியுது."

அது போதும் என்றாள்.

சனிக்கிழமை எண்பதினாயிரம் பேர் வந்தார்கள். சரி, எண்ணூறு. தம்பிமுத்து கடிகாரத்தோடு துப்பாக்கித் தோட்டாப் பெட்டி ஒன்றையும் சட்டைப்பையில் வைத்திருந்தார், எப்போது கூப்பிட்டாலும் ஆயத்தமாக. முதல் ஓட்டம் சிறுமிகளின் ஐம்பது மீற்றர். சுபாஜினி கோட்டருகே வந்து நின்றாள். "இடத்தில்" என்றாள். "ஆயத்தம்" என்றாள்.

கை இடுப்போடு நின்றுவிட்டது. எனக்குத் தெரியும், அவள் காதில் வியாழக்கிழமைச் சத்தம் கேட்கிறது. அப்போது கடற்காற்று ஒன்று வந்தது. கருநீலக் கையின் விளிம்புக்குள் புகுந்து, துணியை மெல்ல ஊதிவிட்டுப் போனது. சுபாஜினி தோளை ஒருமுறை குலுக்கினாள். கை உயர்ந்தது, நேராக, வானத்தைப் பார்த்து. துணியில் ஒரு நூலும் முனகவில்லை. துப்பாக்கி வெடித்தது. சிறுமிகள் ஓடினார்கள்.

அதற்குப் பிறகு பதினாறு ஓட்டம். பதினாறும் சுத்தம். பத்தாவது ஓட்டத்துக்குள் அவளுக்கு வாய் திறந்துவிட்டது. கடைசியாகப் பையன்களின் நூறு மீற்றர் இறுதி ஓட்டம். கையை உயர்த்துவதற்கு முன் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். நாலு தென்னையும் பேசின.

"தம்பிமுத்து சேர், முதலாம் பாதைக்கு நிழல் காணுமா?"

மைதானமே சிரிப்பில் உருண்டது. ஆசிரியர்கள்தான் ஆகக் கூடுதலாகச் சிரித்தார்கள், போன வருஷம் சிரித்த அதே ஆட்கள். தம்பிமுத்து கடிகாரத்தைத் துடைக்கத் தொடங்கினார். துப்பாக்கி வெடித்தது. இந்துஜன் முதலாவது.

பரிசளிப்பு மேசைக்குத் தம்பிமுத்து நேரங்களைக் கொண்டுவந்தார். அதிபர் நிஸார் வாங்கிப் பார்த்துவிட்டு, இந்துஜன் பன்னிரண்டு தசம் ஒன்று, நல்ல ஓட்டம் என்றார். தம்பிமுத்துவின் முகம் சுருங்கியது. நேரம் என்று வந்தால் அந்த மனிதருக்கு வேறு எதுவும் நினைவில் இருக்காது.

"என்ன சேர் நல்ல ஓட்டம்? வியாழக்கிழமை காலமை பதினொண்டு தசம் ஒன்பது ஓடினவன். இண்டைக்குக் குறைஞ்சு போனான்."

அதிபர் பேனையை மூடினார். நான் பந்தலில் இருந்து மேசைக்கு வந்துவிட்டேன், எந்த வழியால் வந்தேன் என்று எனக்கே தெரியாது.

"வியாழக்கிழம காலையிலயா?" என்றார் அதிபர். "அந்த ஓட்டத்துக்குத் துப்பாக்கி வெடிக்கல்லயே. புள்ளைகள் தானா பாஞ்சிட்டாங்க எண்டு நீங்கதானே சொன்னீங்க. அப்ப உங்கட கடிகாரம் எப்படி ஓடிச்சு?"

தம்பிமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பக்கமாகத் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்த சுபாஜினியைப் பார்த்தார். நேரக் கணிப்பாளர் துப்பாக்கிப் புகையைப் பார்த்துத்தான் கடிகாரப் பொத்தானை அமத்த வேண்டும், சத்தத்துக்கு அமத்தக்கூடாது என்று இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர். புகை இல்லாத ஓட்டத்துக்கு நேரம் வைத்திருக்கிறார்.

தம்பிமுத்து பையிலிருந்த தோட்டாப் பெட்டியை எடுத்து மேசையில், சுபாஜினியின் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, காகத்துக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"வெடிச்சதுதான். துவக்கெண்டு நினைச்சு நானும் அமத்திட்டன்."